முதலாளி இல்லாதவரின் பென்ஷன்: ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கு

மாதச் சம்பளக்காரரின் சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று சில வரிகள் இருக்கும். பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால், அவர் எதுவும் செய்யாமலே, மாதாமாதம் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவர் பங்கு கைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. நிறுவனம் தன் பணத்திலிருந்து இன்னொரு பங்கைப் போடுகிறது. இரண்டும் சேர்ந்து, சுலபமாகத் தொட முடியாத ஓர் இடத்துக்குப் போகின்றன. அவர் பெயரில் ஒரு பதிவும் வளர்கிறது.

செயலி வழியாகக் கார் ஓட்டுபவர், டெலிவரி செய்பவர், ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்ப்பவர், தையல் எடுத்துச் செய்பவர், சொந்தமாக மின்வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு இந்த வேலையைச் செய்ய ஆளில்லை. 'நானே கொஞ்சம் சேமிக்கிறேன்' என்பது மட்டும் இதற்கு ஈடாகாது. ஏனென்றால் சம்பளக்காரருக்கு நடப்பது வெறும் சேமிப்பு அல்ல. முதலாளியின் பங்கு, முன்கூட்டிய பிடித்தம், தொடர்ச்சி, பதிவு என நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. தனியாகத் தொழில் செய்பவர் இந்த நான்கையும் தானே கட்டிக்கொள்ள வேண்டும். வரவு சீராக இல்லாத ஒருவர் அதை எப்படிக் கட்டுவது என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

காணாமல் போன பங்கு எவ்வளவு?

இந்தியாவின் பிஎஃப் முறையில், அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் 12 சதவீதமும் நிறுவனம் 12 சதவீதமும் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து நிறுவனம் 12 சதவீதம் போட வேண்டும். அது முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் அரசு ஓய்வூதியத்துக்காக ஊழியரிடம் 6.2, முதலாளியிடம் 6.2 என்று பிடிக்கிறார்கள். அங்கே சுயதொழில் செய்பவர் இரண்டு பங்கையும் தானே கட்ட வேண்டும், அதாவது 12.4. முதலாளியின் பங்கு யார் தலையில் விழுகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் விதி வேறு அதிகம் இல்லை.

இப்போது இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 35. இன்னொருவர் கார் ஓட்டுகிறார்; செலவு போக அவருக்கு நிற்பதும் மாதம் 35. எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எத்தனை பூஜ்யம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது. 12+12 முறையில் சம்பளக்காரரின் 35-இலிருந்து 4.2 பிடிக்கிறார்கள், நிறுவனம் மேற்கொண்டு 4.2 போடுகிறது. ஓய்வுக் கணக்கில் சேர்வது 8.4, வீட்டுக்கு வருவது 30.8. கார் ஓட்டுபவரும் அதே 8.4-ஐ ஒதுக்கினால் அவர் வீட்டுக்கு மிஞ்சுவது 26.6 மட்டுமே. இருவரும் சமநிலைக்கு வர வேண்டுமென்றால் செலவு போக அவருக்கு 39.2 நிற்க வேண்டும்.

ஆக, '35 சம்பளமும் 35 வருமானமும் ஒன்றுதான்' என்பது தவறு. தன் கூலியைத் தானே சொல்லும் நிலையில் இருப்பவர், விலை சொல்லும்போதே இந்த 12 சதவீதத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அதிக லாபம் அல்ல. வேலை கொடுப்பவர் ஓர் ஊழியரை வைத்திருந்தால் கட்டியிருக்கும் தொகை. செயலியில் ஓட்டுபவருக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை, அங்கே கட்டணத்தை முடிவு செய்வது செயலிதான். அவரால் செய்யக்கூடியது, எந்த வேலை உண்மையில் எவ்வளவு தருகிறது என்று இந்தப் பங்கையும் கழித்துப் பார்ப்பது. கழித்த பிறகு ஒரு செயலியின் மணிக்கூலி சாதாரணச் சம்பள வேலையை விடக் கீழே போனால், அதை இளம் வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம், 'உங்களுக்கு முதலாளி இல்லை' என்று சொல்லப்படுவது சட்டப்படி சரிதானா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் உபர் ஓட்டுநர்கள் சுயதொழிலாளர்கள் அல்ல, பணியாளர் உரிமைகள் உள்ளவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அவர்களுக்கு நிறுவனத்தின் பென்ஷன் பங்கும் வந்தது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல், 1995 அல்லது அதற்குப் பிறகு பிறந்த செயலித் தொழிலாளர்களுக்கு மத்திய சேமநிதியில் நிறுவனமும் தொழிலாளியும் பங்கு போடுவது கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், ஒரு சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் ஒவ்வொருவர் பெயரிலும் ஓய்வுக் கணக்கில் இவ்வளவு போட வேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. சட்டம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தவணை வேண்டாம், சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்

சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட ஆலோசனை எல்லாமே 'மாதம் இவ்வளவு போடுங்கள்' என்று ஆரம்பிக்கும். வரவு ஏறி இறங்கும் ஒருவருக்கு அது பொருந்தாத சட்டை. நல்ல மாதத்தில் உற்சாகமாக ஒரு தவணையை ஒப்புக்கொள்வார். மோசமான மாதத்தில் தவணை தவறும். அது ஏதாவது நீண்டகாலக் காப்பீட்டு பாலிசியாக இருந்தால், சலுகைக் காலத்துக்குப் பிறகும் பிரீமியம் கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும். முதல் சில ஆண்டுகளுக்குள் அப்படி நடந்தால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடலாம். வரவு நிலையாக இல்லாதவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் பணத்தை இழக்கும் பொதுவான வழிகளில் இது ஒன்று. முதலீடு மோசமாக இருந்திருக்காது. கட்டும் முறை அவர்கள் வாழ்க்கைக்கு ஒத்து வந்திருக்காது.

மாற்று வழி எளியது. பணம் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு சதவீதம் ஓய்வுக்குப் போக வேண்டும். வரவு அதிகமானால் பங்கும் அதிகம், வரவே இல்லாத மாதத்தில் பங்கும் இல்லை. தவறிய தவணை என்று ஒன்று இந்த முறையில் கிடையாது.

நம் கார் ஓட்டுபவரையே தொடர்வோம். அவருக்கு 35 வயது. செயலியின் கமிஷன் போக வங்கிக்கு வந்த தொகை, ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் இப்படி: 60, 42, 55, 70, 38, 30, 0, 48, 65, 80, 72, 40. ஏழாவது மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டார், வண்டி ஓடவில்லை. மொத்தம் 600, சராசரி மாதம் 50.

அவர் மூன்று கணக்குகள் வைத்திருக்கிறார். எல்லாப் பணமும் முதலில் தொழில் கணக்கில் விழும். அதிலிருந்து அன்றைக்கே 60 சதவீதம் இருப்புக் கணக்குக்கும் 10 சதவீதம் ஓய்வுக் கணக்குக்கும் போகும். மீதி 30 சதவீதம் தொழில் கணக்கிலேயே நிற்கும். எரிபொருள், சர்வீஸ், வண்டிக் காப்பீடு, வரி எல்லாம் அந்த 30-க்குள்தான். அதில் 6 பங்கு அடுத்த வண்டிக்கு. இந்த 6-ஐ நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தேய்மானத்தையும் வருமானமாக எண்ணிச் செலவழித்தால், ஆறேழு ஆண்டில் வண்டி நிற்கும்போது கை வைக்க மிஞ்சியிருப்பது ஓய்வுக் கணக்கு மட்டும்தான்.

இருப்புக் கணக்கிலிருந்து அவர் வீட்டுக்கு மாதம் 25 சம்பளம் கொடுக்கிறார். நல்ல மாதம், கெட்ட மாதம் என்ற பேச்சே இல்லை, எல்லா மாதமும் 25. முதல் மாதத்தில் 60 வந்தது, இருப்புக்கு 36 போனது, 25 எடுத்த பிறகு 11 நின்றது. நான்காம் மாத முடிவில் இருப்பு 36.2. அப்புறம் வரவு குறைய ஆரம்பித்தது: ஐந்தாம் மாதம் 34, ஆறாம் மாதம் 27. ஏழாவது மாதம் ஒரு பைசா வரவில்லை, வீட்டுக்கு மட்டும் 25 போனது. மிச்சம் 2. அந்த மாதத்தைத் தாண்டியது நூலிழையில்தான். ஆனால் கடன் வாங்கவில்லை, ஓய்வுக் கணக்கைத் தொடவில்லை. எட்டாம் மாதத்திலிருந்து மீண்டும் ஏறி, ஆண்டு முடிவில் இருப்பு 60-இல் நிற்கிறது. ஓய்வுக் கணக்கிலும் 60 சேர்ந்திருக்கிறது.

செலவு போக அவருக்கு நின்றது ஆண்டுக்கு 420. அதில் 60 என்பது 14 சதவீதம் சொச்சம். முதலாளியும் ஊழியரும் சேர்ந்து போடும் 24-க்கு இது வராது, ஆனாலும் முதல் ஆண்டுக்கு நல்ல தொடக்கம்.

இருப்பை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஓய்வுப் பணத்தைக் காப்பாற்றுவது இருப்புப் பணம்தான். இருப்பு இல்லாமல் ஓய்வுக்கு மட்டும் போட்டிருந்தால் ஏழாவது மாதத்தில் அதை உடைத்திருப்பார். இருப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? சீசன் வேலை, உடலை நம்பிய வேலை என்றால் ஐந்து மாத வீட்டுச் சம்பளம் என்று வைப்பேன். இவருக்கு அது 125. இதே வேகத்தில் போனால் இரண்டாம் ஆண்டு முடிவில் 120 ஆகிவிடும். அதற்கு மேல் இருப்பு பெருக வேண்டிய தேவை இல்லை. ஆண்டுக்கு 60 மிஞ்சிக்கொண்டே போகும் அந்தப் பணத்தில் பாதியை ஓய்வுக்கும் பாதியை வீட்டுக்கும் திருப்பலாம். வரவில் ஓய்வின் பங்கு 10-இலிருந்து 15 ஆகும். வீட்டுச் சம்பளம் 25-இலிருந்து 27.5 ஆகும். பிற்காலத்தை முன்னிட்டு இன்றைய வீட்டை நிரந்தரமாக இறுக்கிப் பிடிக்கும் திட்டம் எதுவும் நீண்ட நாள் ஓடாது.

நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலிகள் பெரும்பாலும் வாரக்கணக்கில் பணம் போடுகின்றன. வாரம் 14 வந்தால், அன்றைக்கே 8.4 இருப்புக்கும் 1.4 ஓய்வுக்கும் அனுப்பிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பிரிக்கலாம் என்று விட்டால், அதற்குள் அந்தப் பணத்துக்கு வேறு வேலை வந்திருக்கும். கையில் ரொக்கமாக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வங்கியைத் தொடாத வரவு கணக்கிலிருந்து நழுவிவிடும். ரொக்கத்தை வாரத்தில் ஒரு நாள் முழுவதுமாக வங்கியில் கட்டிவிட்டு, அப்புறம் பிரிப்பதுதான் வழி.

இந்த 60 எங்கே கொண்டுபோய் விடும்?

இங்கே ஓர் அனுமானம் தேவை. பணவீக்கத்தைக் கழித்த பிறகு ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கிறது என்று வைப்போம். இது உத்தரவாதம் இல்லை. பங்கும் கடன் பத்திரமும் கலந்த நீண்டகாலச் சேமிப்புக்குக் கணக்குப் போடப் பயன்படுத்தும் நடுத்தரமான ஓர் எண், அவ்வளவுதான். பணவீக்கத்தைக் கழித்துவிட்டதால், கீழே வரும் எல்லா எண்களையும் இன்றைய விலைவாசியிலேயே படிக்கலாம்.

ஆண்டுக்கு 60 வீதம் 35 வயதிலிருந்து 65 வரை போட்டால், கட்டியது 1800, சேர்ந்திருப்பது சுமார் 2850. அதை 65-இலிருந்து 85 வரை பிரித்து எடுத்தால் மாதம் 16 கிடைக்கும். இன்றைக்கு வீட்டுக்குக் கொடுக்கும் 25-உடன் ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் ஆண்டிலிருந்து பங்கை 15 சதவீதமாக ஏற்றினால், ஆண்டுக்கு 90 வீதம் போய், மாதம் 23 வரை வரும். 25-க்குக் கிட்டே வந்துவிட்டார்.

இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவர் வரவு விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். சம்பளக்காரருக்கு ஆண்டு உயர்வு என்று ஏதாவது வரும். செயலி ஒரு கிலோமீட்டருக்குக் கொடுக்கும் தொகை நாலு வருடம் அப்படியே நின்றால், சதவீதம் மாறாவிட்டாலும் ஓய்வுக்குப் போகும் பணத்தின் மதிப்பு தேய்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கேள்வி போதும்: ஓய்வுக் கணக்குக்கு இந்த ஆண்டு போனது, போன ஆண்டை விட விலைவாசி ஏறிய அளவுக்காவது கூடியிருக்கிறதா? கூடவில்லை என்றால் சதவீதத்தை ஒன்றோ இரண்டோ ஏற்ற வேண்டும், அல்லது வேலையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு திருடன் கட்டணம். நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்காக மொத்தமாகப் பேசும்போது நிர்வாகக் கட்டணம் குறையும். தனி ஆளுக்கு விற்கப்படும் திட்டங்களில் அது கூடுதலாக இருப்பது சகஜம். ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதல் கட்டணம் என்றால் 3 சதவீத வளர்ச்சி 2 ஆகிறது. அதே 60-ஐப் போட்டு, மாதம் 16-க்குப் பதிலாகக் கிடைப்பது ஏறக்குறைய 12.4. ஒரே ஒரு சதவீதம் ஓய்வுக்கால வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிட்டுவிட்டது. அதனால் ஒரு திட்டத்தை விற்க வருபவரிடம் லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் எடுப்பதன் விலையையும் பார்த்துவிடுவோம். பத்தாம் ஆண்டில் கணக்கில் சுமார் 690 இருக்கும். வண்டி மாற்றவோ வீட்டு விசேஷத்துக்கோ அதை மொத்தமாக எடுத்துவிட்டார் என்று வைப்போம். 65 வயதில் குறைவது அந்த 690 மட்டுமல்ல, சுமார் 1240. மாதம் 16 கிடைக்க வேண்டிய இடத்தில் 9. சம்பளக்காரரின் ஓய்வு நிதியை எடுக்க விண்ணப்பம், காரணம், காத்திருப்பு என்று தடைகள் இருக்கும். அந்தத் தடைகள்தான் பலரின் பென்ஷனைக் காப்பாற்றுகின்றன. தனியாகச் சேர்ப்பவர் தன் பணத்தில் பெரும்பகுதியை, ஓய்வு வயதுக்கு முன் எடுக்க அனுமதிக்காத திட்டத்தில் வைப்பது இதற்காகத்தான். முழுவதையும் பூட்டச் சொல்ல மாட்டேன். இருப்பு 125 தனியாக இருக்கிறது என்றால் ஓய்வுப் பணத்தைப் பூட்டுவதில் பயம் இல்லை. இருப்பே இல்லாதவர் பூட்டிவிட்டு, அவசரத்துக்கு அதிக வட்டிக் கடன் வாங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

85-க்கு மேல் என்ன?

மேலே போட்ட கணக்கில் பணம் 85 வயதில் தீர்ந்துவிடுகிறது. ஆள் 93 வரை இருந்தால்? தனிச் சேமிப்பின் பெரிய பலவீனம் இதுதான். எவ்வளவு நாள் வாழ்வோம் என்று தெரியாமல் ஒரு குடத்தை எத்தனை பங்காகப் பிரிப்பது?

சாகும்வரை மாதாமாதம் கொடுக்கும் ஏதாவது ஒன்று அடித்தளமாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது அரசின் சமூகக் காப்பீட்டு ஓய்வூதியம். அதன் பதிவைக் காப்பாற்றுவதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும், அதற்குப் பிறகே மற்ற முதலீடு. இந்தப் பதிவுகளில் விடுபட்ட ஆண்டுகள் நேரடியாக அடிக்கும். பிரிட்டனின் புதிய அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்கப் பொதுவாக 35 தகுதி ஆண்டுகள் வேண்டும். 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பொதுவாக 40 புள்ளிகள், அதாவது குறைந்தது பத்தாண்டு உழைப்பு, பதிவாகியிருக்க வேண்டும். ஓய்வூதியத் தொகையை அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அத்தனை ஆண்டு இல்லாவிட்டால் மீதி இடங்களில் பூஜ்யம் போடுகிறார்கள்.

அதனால் உங்கள் பதிவில் எத்தனை ஆண்டுகள் ஏறியிருக்கின்றன என்று அதிகாரப்பூர்வத் தளத்திலேயே போய்ப் பாருங்கள். விடுபட்ட ஆண்டுகளைப் பணம் கட்டி நிரப்ப முடிந்தால், அதற்கு ஈடான இன்னொரு முதலீட்டைச் சந்தையில் காண்பது அரிது. ஆனால் நிரப்புவதற்குக் கால வரம்பு இருக்கும். இருபது ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் கதவு மூடியிருக்கும்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கமும் இங்கேதான் திருப்பி அடிக்கிறது. வரி மிச்சம் என்று பாதி வருமானத்தை மறைப்பவருக்கு, ஓய்வூதியம் கணக்கில் காட்டிய வருமானத்தை வைத்து வரும் நாடுகளில், பாதி உழைப்பு பதிவிலேயே இருக்காது. விபத்தில் முடங்கினால் கிடைக்கும் ஈட்டுத்தொகையும் அதே குறைந்த எண்ணை வைத்துத்தான் வரும்.

அரசின் அடித்தளம் இல்லாதவர்கள், அல்லது அது மிகச் சிறியதாக இருப்பவர்கள், ஓய்வு பெறும்போது சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாழ்நாள் ஆனுயிட்டி வாங்கலாம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் கொடுப்பதாகக் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்வதுதான் ஆனுயிட்டி. அரிசி, மருந்து, வாடகை போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் வாங்கினால் போதும். மாதத் தொகை மாறாத வகை என்றால் விலைவாசி அதன் மதிப்பை அரித்துக்கொண்டே போகும் என்பதையும், துணைக்கும் தொடரும் வகை வேண்டுமென்றால் தொகை குறையும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஜெர்மனியின் ஓர் ஏற்பாட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1983 முதல் அங்கே கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தனி சமூகக் காப்பீடு நடக்கிறது. சுயதொழில் செய்யும் ஓவியர் ஓய்வூதியத்துக்கான சந்தாவில் ஊழியரைப் போலப் பாதியை மட்டும் கட்டுகிறார். மறுபாதி, அவர்கள் வேலையைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்டும் வரியிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் வருகிறது. முதலாளி என்று ஒருவர் இல்லாமலே முதலாளியின் பங்கை வசூலிக்க முடியும் என்பதற்கு நாற்பது ஆண்டைத் தாண்டிய சாட்சி அது. தொழிற்சங்கங்களும் சங்கங்களும் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

உடம்பு நின்றால்

இதுவரை போட்ட கணக்கு எல்லாம் அவர் 65 வரை ஓட்டுவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 48 வயதில் முதுகு போனால் வருமானமும் நிற்கும், ஓய்வுக்குப் போடுவதும் நிற்கும், சேர்த்ததையும் எடுக்க ஆரம்பிப்பார். பல நாடுகளில் ஊழியர் பென்ஷன் திட்டத்துக்குள்ளேயே ஊனமுற்றால் கிடைக்கும் தொகையும், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையும் அடங்கியிருக்கும். தனியாளுக்கு அவை தனித்தனியாக வாங்க வேண்டிய பொருள்கள். வருமான இழப்புக்கான காப்பீடும், குடும்பம் இருந்தால் சாதாரண டேர்ம் இன்ஷூரன்ஸும் தொழில் செலவின் 30-க்குள்ளேயே வர வேண்டும், வண்டிக் காப்பீட்டைப் போல. வாங்கும்போது தொழிலை உள்ளபடி எழுதுங்கள். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டினால், கோரிக்கை வைக்கும் நாளில் அந்த ஒரு வரியைக் காட்டி நிராகரிக்கலாம்.

45 வயதில் ஆரம்பித்தால்

அதே ஆண்டு 60-ஐ 45-இல் ஆரம்பித்து 65-இல் நிறுத்தினால், மாதம் 16 கிடைத்த இடத்தில் 9 தான் வரும். பழைய 16-ஐ எட்ட, ஆண்டுக்கு 106 போட வேண்டும், அதாவது வரவில் 18 சதவீதம். பிள்ளைகள் படிக்கும் வயதில் இது பலருக்கு ஆகாத காரியம்.

இன்னொரு வழி, 65-க்குப் பதிலாக 70 வரை போடுவது. 45-இலிருந்து 70 வரை அதே 60-ஐப் போட்டு, 70-இலிருந்து 85 வரை எடுத்தால் மாதம் 15 சொச்சம் கிடைக்கும். ஐந்து ஆண்டு தள்ளியதால் இழந்ததில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் போடும் ஆண்டுகள் கூடுகின்றன, எடுக்கும் ஆண்டுகளும் குறைகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் இது நடக்கக்கூடிய திட்டம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் 70 என்பதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு: 65-க்கு மேல் சேமிப்பதை நிறுத்திவிட்டு, தினம் சில மணி நேரம் மட்டும் வேலை செய்து, வீட்டுச் செலவை அந்த வரவிலேயே ஓட்டி, சேர்த்த பணத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தொடாமல் விடுவது. அதற்கு ஏற்ற இலகுவான வேலை எது, அதற்கு என்ன உரிமமோ பயிற்சியோ வேண்டும் என்று 55 வயதிலேயே பார்த்து வைக்க வேண்டும்; 65-இல் தேட ஆரம்பித்தால் கிடைக்கும் வேலையைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.